நாடி சொல்வதும் சொல்லாததும்: மாரடைப்பு, இதய நிறுத்தம், இதயச் செயலிழப்பு

இதயத்தால் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி ஜார்ஜ்டவுனின் காப்பிக்கடையில் பேசப்பட்டாலும் நாளிதழில் அச்சானாலும், அது பெரும்பாலும் 'ஹார்ட் அட்டாக்' என்ற ஒரே பெயரிலேயே வந்து சேர்கிறது. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் தோற்றத்திலும் போக்கிலும் சிகிச்சையிலும் வேறுபட்ட மூன்று நிலைகள் கலந்துகிடக்கின்றன. இதயத்தின் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று அடைபட்டு, அந்தத் தசையின் ஒரு பகுதி சாகத் தொடங்குவது மாரடைப்பு. இதயத்தை இயக்கும் மின்னொழுங்கு குலைந்தோ வேறு காரணத்தாலோ இதயம் இரத்தத்தை வெளியேற்றுவது அடியோடு நின்றுபோவது, மருத்துவர்கள் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று குறிக்கும் இதய நிறுத்தம். இதயம் துடித்துக்கொண்டே இருந்தும் உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள இயலாமற் போவது, 'ஹார்ட் ஃபெயிலியர்' எனப்படும் இதயச் செயலிழப்பு. இவற்றை வேறுபடுத்தி அறிய, மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் ஒருவரின் கை முதலில் தேடுவது நாடியைத்தான் என்பதால், அந்த நாடி இம்மூன்று நிலைகளிலும் எதைக் காட்டுகிறது என்பதோடு, எதைக் காட்டாமல் ஏமாற்றுகிறது என்பதையும் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் பெருந்தமனிக்குள் தள்ளப்படுகிறது; அந்தத் தள்ளலால் தமனிச் சுவரில் எழும் அழுத்த அலை, இரத்தத்தைவிட மிக வேகமாக ஓடி, ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் மணிக்கட்டை அடைந்துவிடுகிறது. விரலுக்குத் தட்டுப்படுவது இந்த அலையே. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டின் உட்புறத்தில் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் மெல்ல வைத்து, முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நாடியின் வேகம் கிடைக்கும். துடிப்புகளுக்கு இடையேயான இடைவெளி சீரற்றிருந்தால் முழு ஒரு நிமிடம் எண்ணியாக வேண்டும். சோதிப்பவரின் கட்டைவிரலிலேயே உணரத்தக்க துடிப்பு ஒன்று இருப்பதால், அந்த விரலால் பிறர் நாடியைப் பார்க்கக் கூடாது. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு 50-க்குக் கீழே இருப்பதும் நோயன்று. இந்த ஓர் அலை விரலை வந்தடைய மூன்று செயல்கள் ஒழுங்காக நடந்தாக வேண்டும்: தசைக்கு இரத்தம் கிடைக்க வேண்டும், மின்தூண்டல் முறையாகப் பரவ வேண்டும், தசை போதிய வலுவுடன் சுருங்க வேண்டும். முதலாவது தடைபடுவது மாரடைப்பு. மூன்றாவது குன்றுவது செயலிழப்பு. இரண்டாவது குலைவது, இதய நிறுத்தத்துக்கு எல்லாவற்றிலும் நன்கறியப்பட்ட காரணம்.

மாரடைப்பைப் பற்றிய முதல் உண்மை, அந்த வேளையில் இதயம் பெரும்பாலும் நிற்பதில்லை என்பதுதான். இதயத்தின் மேற்பரப்பில் கிளைவிட்டு ஓடும் கரோனரித் தமனிகள் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் விட்டமே உடையவை. அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒன்றின் மேல்மூடி ஒருநாள் வெடிக்கும்போது, உடல் அதைக் காயமெனக் கருதி அங்கே இரத்தத்தை உறையச் செய்கிறது, அந்த உறைகட்டி குழாயை அடைத்துவிடுகிறது. அதற்கு முந்தைய நாள்வரை அந்தத் திட்டு குழாயின் பாதியைக்கூட மறைக்காமல் இருந்திருக்கலாம் என்பதால், சென்ற மாதம் படியேறும்போது எந்தத் தொல்லையும் இல்லாதிருந்தவர் இன்று மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில் முரண்பாடு ஏதுமில்லை. அடைப்பு ஏற்பட்ட அரைமணி நேர அளவில், குழாயின் கடைசிக் கிளைகள் ஊட்டிவந்த உட்பக்கத் தசை சாகத் தொடங்கி, அடுத்த சில மணி நேரத்தில் அந்தச் சாவு உள்ளிருந்து வெளிப்புறமாகப் பரவுகிறது. எஞ்சிய தசை முழுவதும் அப்போதும் துடித்துக்கொண்டிருப்பதால் மணிக்கட்டில் நாடி தெளிவாகவே தட்டும்.

ஆபத்தான தவறு இங்கேதான் நிகழ்கிறது. மார்பு அழுத்துகிறது என்று சொல்பவரின் கையைப் பிடித்துப் பார்த்து, நாடி எண்பது சீராக ஓடுகிறது, ஆகவே இது வாயுப்பிடிப்பு என்று வீட்டார் முடிவுசெய்துவிடுகின்றனர். அந்த எண்பதுக்கு இவ்விடத்தில் எந்தப் பொருளும் இல்லை. இதயத்தின் முன்சுவர் பாதிக்கப்பட்டால் நாடி நூறைத் தாண்டி மெலிந்து ஓடுவதுண்டு; அடிச்சுவர் பாதிக்கப்பட்டால், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவையும் அத்தூண்டலைக் கீழறைகளுக்குக் கடத்தும் இன்னொரு கணுவையும் பெரும்பாலானவர்களுக்கு வலக் கரோனரித் தமனியே ஊட்டுவதால், நாடி ஐம்பதுக்கும் கீழே இறங்குவதுண்டு; இரண்டுமின்றி இயல்பாகவே இருப்பதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்காக பீட்டா தடுப்பு மாத்திரை உண்பவருக்கு, வேகமாக ஓட வேண்டிய நாடியையும் மாத்திரை அடக்கிவைத்திருக்கும். எனவே மாரடைப்பைக் காட்டுவது நாடியன்று. நடுமார்பில் பாரம் வைத்ததுபோன்ற அழுத்தம், அது தாடைக்கோ தோளுக்கோ இடக்கைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சுமுட்டல், ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் அது அடங்காமை ஆகியவையே அதைக் காட்டுகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு, வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் நலிந்திருப்பதால், வலியே இல்லாமல் மூச்சுமுட்டலும் வியர்வையும் களைப்பும் மட்டுமே வரக்கூடும். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், வயதுவந்த இந்திய வம்சாவளியினருள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருப்பதால், இந்த வலியற்ற மாரடைப்பு பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைவான செய்தியன்று.

பினாங்கில் பிறந்து மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞராக உயர்ந்த பி. ரம்லி, 1973 மே 29 அன்று மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 44. அக்காலத்தில் அடைபட்ட கரோனரித் தமனியை உள்ளிருந்து திறக்கும் வழி மருத்துவரிடம் இல்லை. படுக்கையில் ஓய்வும் வலிநிவாரணியும் துடிப்பைக் கண்காணிப்பதுமே சிகிச்சையாக இருந்தன. ஆந்திரியாஸ் குரூன்ட்ஸிக் என்ற மருத்துவர் சூரிச் நகரில் 1977 செப்டம்பர் 16 அன்றுதான், விழித்திருக்கும் ஒரு நோயாளியின் கரோனரித் தமனிக்குள் பலூனைச் செலுத்தி விரித்து, ஆஞ்சியோபிளாஸ்டி எனும் முறையைத் தொடங்கிவைத்தார். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உயிர் காக்கிறது என்பது பெரும் ஆய்வுகளால் உறுதியானது 1980-களில்தான். இன்று பலூனும் ஸ்டென்ட்டும் ஜார்ஜ்டவுனிலேயே கிடைக்கின்றன. பினாங்கு பொது மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் அதற்கான ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. இருந்தும், முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து தொண்ணூறு நிமிடத்துக்குள் குழாய் திறக்கப்பட வேண்டும் என்ற இலக்கை மருத்துவமனை எட்டினாலும், அதற்கு முன் வீட்டில் தைலம் தேய்த்தும் சோடா குடித்தும் நாடி பார்த்தும் கழிந்த மூன்று மணி நேரத்தை எந்தப் பலூனாலும் மீட்க முடியாது. நோயாளி தானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுவதும் கூடாது. 999 எண்ணுக்கு அழைப்பதன் பயன் விரைந்து சேர்வது மட்டுமன்று; வழியில் இதயம் நின்றுவிட்டால் அதை மீண்டும் ஓடவைக்கும் கருவி வரும் ஆம்புலன்ஸ் வண்டியில் இருக்கிறது.

வழியில் இதயம் நிற்கக்கூடும் என்ற அந்த அச்சமே மாரடைப்பையும் இதய நிறுத்தத்தையும் இணைக்கும் கண்ணி. பட்டினியால் துடிக்கும் தசை, நலமான தசையைப் போல மின்தூண்டலைக் கடத்துவதில்லை. சில இழைகள் முந்தியும் சில இழைகள் பிந்தியும் தூண்டப்பட, அந்த வேறுபாட்டின் ஊடாக மின்னலை சுழன்று சுழன்று தன்னையே மீண்டும் தூண்டிக்கொண்டு, கீழறையை எண்ணற்ற சிறு நடுக்கங்களாகச் சிதறச் செய்கிறது. கீழறை நடுக்கம் எனப்படும் இந்நிலையில் இதயம் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒருசேரச் சுருங்காததால் ஒரு துளியும் வெளியேறுவதில்லை. அலை எழாதபோது நாடியும் இல்லை. பத்துப் பதினைந்து வினாடிக்குள் மூளைக்கு இரத்தம் அற்றுப்போய் அவர் நினைவிழந்து சரிகிறார். மாரடைப்பு வந்த எல்லோருக்கும் இது நிகழ்வதில்லை, எனினும் நிகழ்ந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்கிறது.

ஆனால் அடைப்பே இல்லாமலும் இதயம் நிற்கக்கூடும். 2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதிய ஐரோப்பியக் கால்பந்தாட்டத்தில், 29 வயது கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலேயே புல்தரையில் விழுந்ததை உலகம் நேரலையில் கண்டது. அணியின் மருத்துவர் மோர்ட்டன் போசன் பின்னர் கூறியதன்படி, அவர் ஓடிச்சென்று தொட்டபோது எரிக்சன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார், நாடியும் இருந்தது. கணநேரத்தில் அது மாறிப்போய், உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டியதாயிற்று. டிஃபிப்ரிலேட்டர் என்ற மின்னதிர்ச்சிக் கருவியின் ஒரே அதிர்ச்சியில் அவர் இதயம் ஒழுங்குக்குத் திரும்பியது. பிறகு தோலுக்கடியில் அத்தகைய சிறு கருவி ஒன்று பொருத்தப்பட்டு, 2022 பிப்ரவரியில் அவர் மீண்டும் ஆடுகளம் வந்தார். அவருக்கு வந்தது இதய நிறுத்தம். அதை மாரடைப்பு என்று எழுதிய தலைப்புகள் தவறானவை. அந்நிகழ்ச்சியில் கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: இப்போது இருக்கும் நாடி அடுத்த நிமிடத்துக்கு உத்தரவாதம் ஆகாது, ஆகையால் விழுந்தவரின் அருகிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

இதய நிறுத்தத்தில் நாடி இருப்பதில்லை என்றால், விழுந்தவரின் கழுத்தில் நாடியைத் தேடிப் பார்த்து முடிவுசெய்வதே முறை என்று தோன்றும். நீண்ட காலம் அப்படித்தான் பொதுமக்களுக்கும் கற்பிக்கப்பட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எபர்லேயும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. இதய அறுவை சிகிச்சையின்போது செயற்கைக் கருவி இரத்தத்தைத் தொடர் ஓட்டமாகச் செலுத்துகையில், நோயாளிக்கு உயிர் இருந்தும் நாடி இருப்பதில்லை. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, முதலுதவியில் வெவ்வேறு அளவு பயிற்சி பெற்ற 200-க்கும் மேற்பட்டவர்களை, நாடி உள்ள வேளையிலும் இல்லாத வேளையிலும் கழுத்துத் தமனியைத் தொட்டுச் சொல்லச் செய்தனர். பத்து வினாடிக்குள் சரியான விடையை எட்டியவர்கள் ஆறில் ஒரு பங்கினரே. நாடி உண்மையில் இருந்தபோது ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இல்லை என்றனர். அதைவிடக் கொடிய தவறாக, நாடி அற்றிருந்தபோது பத்தில் ஒருவர் இருக்கிறது என்றனர். பதற்றத்தில் தன் விரல்நுனியின் துடிப்பையே பிறருடைய நாடியாக உணர்வது மனித இயல்பு. இத்தகைய சான்றுகளைக் கொண்டே 2000-ஆம் ஆண்டின் பன்னாட்டு உயிர்மீட்பு வழிகாட்டுதல்கள், பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் அல்லாத எவரும் நாடி தேட வேண்டாம் என்று அந்தப் படியையே நீக்கிவிட்டன.

அதனிடத்தில் இன்று இரண்டு கேள்விகள் மட்டும் உள்ளன: அழைத்துத் தோளைத் தட்டினால் அவர் எதிர்வினை காட்டுகிறாரா, இயல்பாக மூச்சுவிடுகிறாரா. இரண்டாவது கேள்வியில் ஒரு பொறி உண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், மூளைத்தண்டில் எஞ்சியிருக்கும் உயிர்ப்பினால், வாய் திறந்து காற்றை விக்கி விக்கி இழுப்பதும் குறட்டைபோல் ஒலிப்பதும் பலருக்கு நிகழ்கிறது. நிமிடத்துக்குச் சில முறை மட்டும் வரும் இந்த இழுப்பை மூச்சு என்று எண்ணிக் காத்திருப்பவர்கள், மீட்கத்தக்க நேரத்தையெல்லாம் இழந்துவிடுகின்றனர். அது மூச்சன்று, இதயம் நின்றதன் அடையாளம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையின் வெயிலிலும் நெரிசலிலும் மயங்கி விழுபவரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது: இரத்த அழுத்தம் தற்காலிகமாகத் தாழ்ந்ததால் வந்த அந்த மயக்கத்தில் மூச்சு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், கிடத்திக் கால்களை உயர்த்தினால் ஒரு நிமிட அளவில் அவர் கண் திறப்பார். கண் திறக்காமலும் மூச்சு ஒழுங்கற்றும் இருந்தால் காத்திருக்க இடமில்லை. ஒருவர் 999-ஐ அழைக்க, இன்னொருவர் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் பின்னி, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தி, ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதும் எழும்பி வர விட வேண்டும். அழுத்துபவரின் கைகளே அப்போது அந்த உடலின் நாடியாகின்றன. அழுத்தம் தொடங்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்பதால், விலா எலும்பு முறியுமோ என்ற தயக்கத்துக்கு இங்கு மதிப்பில்லை. விமான நிலையம் போன்ற பொது இடங்களில் பொருத்தப்பட்டிருக்கும் ஏஇடி என்ற தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி, தன் ஒட்டுப்பட்டைகளின் வழியே துடிப்பைத் தானே படித்து, தேவைப்பட்டால் மட்டுமே அதிர்ச்சி தருவதால், பயிற்சியற்றவர் இயக்கினாலும் நாடியுள்ளவருக்குத் தீங்கு நேராது.

மருத்துவமனைக்குள்ளேயும் நாடிக்கு ஓர் இடம் உண்டு, அது திரையைத் திருத்தும் இடம். இதயத்தின் மின்னலைகள் கண்காணிப்புத் திரையில் ஒழுங்காக வரிசையிட்டுச் சென்றுகொண்டிருக்க, கழுத்தில் நாடி முற்றிலும் இல்லாத நிலை ஒன்று இருக்கிறது. மின்தூண்டல் வந்தும் தசை சுருங்காதபோதோ, பெருமளவு குருதி இழப்பால் தள்ளுவதற்கு இரத்தமே இல்லாதபோதோ, நுரையீரல் தமனியைப் பெரிய உறைகட்டி அடைத்துவிட்டபோதோ இது நேர்கிறது. அங்கே மின்னதிர்ச்சி பயன் தராது. மார்பு அழுத்தத்தைத் தொடர்ந்தபடியே காரணத்தைத் தேட வேண்டும். கோடு ஓடுகிறது, ஆகவே இதயம் ஓடுகிறது என்று வாசலில் நிற்கும் உறவினர் நம்புவது இயல்பே, ஆனால் கோடு மின்சாரத்தை மட்டுமே காட்டுகிறது. கைக்கடிகாரங்களின் நிலையும் இதையொத்ததே: தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தில் ஒளிபாய்ச்சித் துடிப்பை எண்ணும் அவை, ஒழுங்கற்ற நாடியைக் கண்டு எச்சரிக்க உதவும்; மாரடைப்பைக் கண்டறியும் வல்லமை அவற்றுக்கு இல்லை.

மூன்று நிலைகளும் ஒரே உடலில் ஒன்றன்பின் ஒன்றாக எவ்வாறு தொடரக்கூடும் என்பதற்கு, தமிழர் எங்கும் அறிந்த ஒரு நிகழ்வே தெளிவான சான்று. நகைச்சுவை நடிகர் விவேக், 2021 ஏப்ரல் 16 முற்பகலில் சென்னை வடபழனியிலுள்ள சிம்ஸ் மருத்துவமனைக்கு நினைவற்ற நிலையில் குடும்பத்தாரால் கொண்டுவரப்பட்டார். அவசரப் பிரிவில் முதலில் உயிர்மீட்பு முயற்சி நடந்தது. துடிப்பு மீட்கப்பட்ட பிறகே ஆஞ்சியோகிராம் எடுக்க முடிந்தது. இதயத்தின் முன்சுவருக்கும் அறைகளைப் பிரிக்கும் சுவரின் பெரும்பகுதிக்கும் இரத்தம் தரும் இடது முன்னிறங்கு தமனி நூறு விழுக்காடு அடைபட்டிருந்ததை அது காட்டியது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து அந்தக் குழாய் திறக்கப்பட்டது. அடைப்பு மாரடைப்பு, நினைவற்று விழுந்தது அதன் விளைவு. குழாய் திறந்த பிறகும் கதை முடியவில்லை. மருத்துவமனை அறிக்கை குறித்த 'கார்டியோஜெனிக் ஷாக்' என்ற நிலை, இதயச் செயலிழப்பின் மிகக் கடுமையான, திடீர் வடிவம்: பெரிய தமனி ஊட்டிய தசை ஒரேயடியாகத் திகைத்தும் செத்தும் போனதால், துடிப்பு இருந்தும் உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை, இரத்த அழுத்தம் சரிந்து, மணிக்கட்டு நாடி நூலிழையாகி, கைகால் சில்லிட்டு, சிறுநீரும் குறைந்துவிடும். உடலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து உயிர்வளி ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவி அவருக்குப் பொருத்தப்பட்டதன் நோக்கம், இதயத்தின் வேலையைச் சில நாள் அது ஏற்றுக்கொண்டு, திகைத்த தசை விழிக்க அவகாசம் தருவதே. ஆனால் அந்தத் தசை மீளவில்லை. ஏப்ரல் 17 அதிகாலை 4.35 மணிக்கு, தம் 59-ஆவது வயதில் அவர் இறந்தார். ஒரு சொல்லில் சொல்லப்பட்ட அந்தச் சாவுக்குள் குழாய், துடிப்பு, தசை ஆகிய மூன்றின் தோல்வியும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றைச் சரிசெய்தது மற்றொன்றைச் சரிசெய்யவில்லை.

இதயச் செயலிழப்பு இவ்வாறு ஒரே நாளில் வருவது குறைவு. மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் தழும்பேறிய இதயத்தில், நெடுநாள் கட்டுப்படாத இரத்த அழுத்தத்தில், நலிந்த வால்வில், அது மெல்ல வளர்வதே வழக்கம். நலமான கீழறை தன்னுள் நிறைந்த இரத்தத்தில் 55 முதல் 70 விழுக்காடுவரை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றுகிறது. எக்கோ என்ற ஒலியலைச் சோதனையில் இந்த அளவு 40 அல்லது அதற்கும் கீழே இருந்தால், சுருங்கும் திறன் குன்றிய செயலிழப்பு. ஏறத்தாழ பாதி நோயாளிகளுக்கு இந்த எண் இயல்பாகவே இருந்தும் செயலிழப்பு இருக்கும்; தசை தடித்து விறைத்துப்போய், துடிப்புகளின் இடையே தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடியாமல் போவது அங்கே குறை. இரு வகையிலும் பின்புறமாகத் தேங்கும் அழுத்தம் நுரையீரலில் நீரைக் கசியச் செய்கிறது, கால்களில் வீக்கத்தைத் தருகிறது. தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளைச் சென்ற ஆண்டு இளைப்பாறாமல் ஏறியவர், இவ்வாண்டு பாதியில் மூன்று முறை நிற்க வேண்டியிருந்தால், அதை மூப்பு என்று தள்ளிவிடாமல் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். தட்டையாகப் படுத்தால் மூச்சுமுட்டி இரண்டு தலையணை தேவைப்படுவதும், நள்ளிரவில் திணறி எழுந்து சன்னலோரம் உட்காருவதும், கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி நிற்பதும் இன்னும் தெளிவான குறிகள்.

இந்நோயில் நாடி நாள்தோறும் எண்ணப்பட வேண்டியது. ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாகவே தள்ள முடிவதால் உடல் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. எனவே ஓய்வில் அறுபத்தைந்தாக இருந்த நாடி சில நாட்களில் தொண்ணூறுக்கு ஏறினால், மூச்சுமுட்டல் வெளிப்படும் முன்பே நிலை மோசமாவதை அது அறிவிக்கக்கூடும். அதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது எடை: காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே தராசில் நின்று பார்க்கையில் மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடியிருந்தால், அது சதை அன்று, உடலில் தேங்கிய நீர். மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்த முறைப்படி நீரிறக்கி மாத்திரையை மாற்றவோ மருத்துவமனைக்கு வரவோ இதுவே தருணம்.

செயலிழந்த இதயத்தின் விரிந்த மேலறைகளில் நடுக்கம் தொடங்குவது அடிக்கடி நேர்வதால், நாடியின் ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். மேலறை நடுக்கம் கீழறை நடுக்கத்தைப்போல உடனே கொல்வதன்று. ஆனால் கீழறைக்குத் தூண்டல்கள் ஒழுங்கின்றி வந்து சேர்வதால், நாடி எவ்வித வரிசையுமின்றிச் சிலசமயம் வலுத்தும் சிலசமயம் மெலிந்தும் தட்டுகிறது. மிக விரைந்து வரும் துடிப்புகளில் கீழறை நிரம்புவதற்குள் சுருங்கிவிடுவதால், அந்தச் சுருக்கம் மணிக்கட்டுக்கு அலை எதையும் அனுப்புவதில்லை. ஸ்டெதாஸ்கோப்பால் மார்பில் கேட்டால் 120, அதே நிமிடத்தில் கையில் எண்ணினால் 90 என்று இரண்டு எண்கள் கிடைக்கும். வீட்டில் கையை மட்டும் எண்ணி 90 என்று எழுதிவைப்பவர், தம் இதயம் உண்மையில் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார். ஆகவே நாடி ஒழுங்கற்றுத் தட்டுவதாக முதன்முதலில் உணர்ந்தவர், அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் இசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும். நடுங்கும் மேலறைக்குள் உறைகட்டி உருவாகி மூளைக்குச் சென்று பக்கவாதம் தரக்கூடும் என்பதால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அவருக்குத் தேவையா என்பதும் அந்தச் சோதனைக்குப் பிறகே முடிவாகும்.